ஆர்டரைத் தொடாமல் ஸ்டாக் எடுப்பது: எந்த வழி, எந்தப் பதிவு?

பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரத்தில் கணக்கையும் குடோனையும் சேர்த்துப் பார்க்கிறேன். சுமார் 1,400 ஐட்டம். எந்த நாளில் பார்த்தாலும் முப்பது நாற்பது ஆர்டர் பாதியில் நிற்கும். ஒருவருக்கு 300 எல்போவில் 180 போயிருக்கும், மீதி 120 பாக்கி. இன்னொருவருக்கு எல்லாம் எடுத்து அட்டைப் பெட்டியில் கட்டியாச்சு, பில் மட்டும் போடவில்லை. கம்பெனியிடம் நாம் போட்ட ஆர்டரிலும் பாதி லாரியில் இருக்கும். இந்த நிலையில் ஸ்டாக் எடுத்து வித்தியாசத்தைப் புத்தகத்தில் சரி செய்ய வேண்டும்; அதே சமயம் நிற்கிற ஆர்டர் ஒன்றுகூடக் கலையக் கூடாது. அதற்கு மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதல் வழி, ஸ்டாக் எடுப்பதற்கு முன் எல்லா ஆர்டரையும் மூடிவிடுவது. கொடுக்க முடிந்ததைக் கொடுத்து, மீதியை ரத்து செய்து, சுத்தமான புத்தகத்தோடு எண்ணி, முடிந்ததும் பாக்கி ஆர்டர்களைப் புதிதாகப் போடுவது. கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வருடா வருடம் இப்படித்தான் நடந்தது. ஒரு மார்ச் மாதம் ஒரு காண்ட்ராக்டரின் ஆர்டரில் 120 பாக்கி இருந்தது. அதை மூடிவிட்டு ஏப்ரல் 2-ஆம் தேதி புதிதாகப் போட்டார்கள். இடையில் விலைப் பட்டியல் மாறியிருந்தது. ஆர்டரைப் பேசியபோது ஒத்துக்கொண்ட விலை பழைய ஆர்டரோடு போய்விட்டது, புதிய ஆர்டர் புதிய விலையை எடுத்துக்கொண்டது. பில் கைக்குப் போனதும் அவர் போன் பண்ணி, "நான் பிப்ரவரியிலேயே சொன்னேனே" என்றார். அவர் சொன்னது சரி. கிரெடிட் நோட் போட்டுத்தான் தீர்த்தோம்.

விலை மட்டும் இல்லை. ஆர்டர் தேதி போனால் வரிசை போகும். பிப்ரவரியில் கேட்டவரும் நேற்றுக் கேட்டவரும் ஒரே நாளில் வந்தவர்களாகிவிடுவார்கள். வாடிக்கையாளரின் ஆர்டர் எண், கொடுத்த அட்வான்ஸ், இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கு எல்லாம் பழைய ஆர்டரில்தான் தொங்குகின்றன. ஆர்டர் என்பது ஒரு வாக்கு, ஸ்டாக் என்பது தரையில் கிடக்கும் பொருள். பொருளை எண்ணுவதற்கு வாக்கை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஐந்தாறு ஆர்டர் மட்டும் நிற்கிற சின்னக் கடை என்றால் கொடுத்து முடித்துவிட்டு எண்ணலாம். மற்றவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, ஆர்டர்கள் நிற்கிறபடியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு நேரத்தைக் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் நின்று எண்ணுவது. கட்-ஆஃப் என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று வைத்தால், அதன் பிறகு திங்கள் காலை வரை பில் கிடையாது, சரக்கு உள்ளே வெளியே போவது கிடையாது. ஆறு மணிக்குப் புத்தக இருப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். எண்ணுகிறவர் கையில் அந்தப் பிரதியைத் தரக் கூடாது. 240 இருக்க வேண்டும் என்று தெரிந்தால் 230-ஐ எண்ணினவர்கூட 240 என்று எழுதிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, கண் அப்படிப் பழகிவிடும்.

இந்த வழியில் எல்லாமே ஒரு கேள்வியில் நிற்கிறது. எண்ணுகிற ஒவ்வொரு குவியலின் முன்னாலும் நின்று கேட்க வேண்டியது: இந்தச் சரக்கு ஆறு மணிப் புத்தகத்தில் இருக்கிறதா? ஆர்டருக்கு ஒதுக்கி எடுத்து வைத்த பெட்டி, பில் போடாதவரை புத்தகத்தில் இருக்கிறது, எண்ண வேண்டும். பில் போட்டு வண்டி வராமல் வாசலில் நிற்கிற பெட்டி புத்தகத்தில் இல்லை, எண்ணக் கூடாது. சாயங்காலம் லாரியில் இறங்கி, இன்வார்டு என்ற வரவுப் பதிவு இன்னும் போடாத சரக்கு புத்தகத்தில் இல்லை. கையால் எழுதிய சலானில் சைட்டுக்குப் போய், இன்னும் பதிவு ஏறாத சரக்கு தரையில் இல்லை, ஆனால் புத்தகத்தில் இருக்கிறது.

ஒரு ஐட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ஒரு அங்குல சிபிவிசி எல்போ. சனி மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தில் 1,240. நிற்கிற விற்பனை ஆர்டர் 400. அதில் 150 எடுத்து பேக்கிங் மேஜைக்குக் கீழே பெட்டியில் இருக்கிறது, பில் இல்லை. நாம் கம்பெனியிடம் கேட்ட 500-இல் 300 ஐந்து மணிக்கு இறங்கி ஷெட்டில் கிடக்கிறது, இன்வார்டு இல்லை. ஞாயிறு எண்ணும்போது ரேக்கில் 1,060, பேக்கிங்கில் 150, ஷெட்டில் 300.

ரேக்கை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் 180 குறைகிறது என்று தெரியும். அதைப் பதிந்தால் புத்தகம் 1,060 ஆகும். திங்கள் அந்த 150-க்குப் பில் போட்டதும் 910. ஷெட் சரக்குக்கு இன்வார்டு போட்டால் 1,210. ஆனால் அப்போது தரையில் இருப்பது 1,360. பெட்டியில் இருந்த 150 இரண்டு முறை கழிந்துவிட்டது. மாறாக, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினால் 1,510 வரும், 270 அதிகம் என்று தோன்றும். அதைப் பதிந்து, திங்கள் பில்லையும் இன்வார்டையும் போட்டால் புத்தகம் 1,660 காட்டும். இல்லாத 300-ஐ நம்பி அடுத்த ஆர்டரை ஒத்துக்கொள்வோம். சரியான ஒப்பீடு, ரேக் 1,060-உம் பேக்கிங் 150-உம் சேர்ந்த 1,210. புத்தகம் 1,240. குறைவு 30. அதைப் பதிந்தால் 1,210, பில் போனால் 1,060, இன்வார்டு ஏறினால் 1,360. தரையும் புத்தகமும் ஒன்று. விற்பனை ஆர்டர் 400-ஐயோ கம்பெனி ஆர்டர் 500-ஐயோ யாரும் தொடவே இல்லை.

இதற்கு நாங்கள் பண்ணுகிற ஏற்பாடு சாதாரணம். பில் போட்டு நிற்கிற பெட்டிகளையும் இன்வார்டு ஆகாத சரக்கையும் சனி மாலையே ஒரு ஓரமாகத் தள்ளி, சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, 'எண்ணாதே' என்று அட்டை மாட்டிவிடுவோம். எடுத்து வைத்த பெட்டிகளில் மஞ்சள் சீட்டு. ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், எண்ணி முடித்த ரேக்கில் துண்டுச் சீட்டு ஒட்டப்படும். முடிந்தால் இன்வார்டை ஆறு மணிக்கு முன்பே போட்டுவிடுவது இன்னும் நல்லது, ஒரு குவியல் குறையும்.

எண்ணுவது இப்படி. பதிவு செய்வதில் இன்னொரு தேர்வு இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. எண்ணிக்கையைப் பதிவதா, வித்தியாசத்தைப் பதிவதா?

டேலியில் Physical Stock என்ற வவுச்சர் எண்ணிக்கையைக் கேட்கும். அந்தத் தேதியில் இருப்பு 1,210 என்று போட்டால், அதுவரை புத்தகம் என்ன சொன்னாலும் அன்றிலிருந்து 1,210 என்று எடுத்துக்கொள்ளும். Stock Journal வித்தியாசத்தைப் பதிவதற்கு. 30 குறைகிறது என்றால் 30-ஐக் கழிக்கும். ஓடூ (Odoo) என்ற மென்பொருளில் பார்த்தால் எண்ணிக்கையைப் போட்ட பிறகு, இடையில் இருப்பு நகர்ந்திருந்தால் அதைப் பிணக்கு என்று காட்டி, Keep Counted Quantity, Keep Difference என்று இரண்டையும் நம்மிடமே கேட்கிறது. கேள்வி ஒன்றுதான், சில மென்பொருள் கேட்கிறது, சில கேட்காமல் ஒன்றைச் செய்துவிடுகிறது.

எது சரி என்பது எது தாமதமாகும் என்பதைப் பொறுத்தது. ஞாயிறு எண்ணினோம், ஆனால் சீட்டுகளைக் கணினியில் ஏற்றத் திங்கள் மாலை நான்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ரேக்கிலிருந்து 80 எல்போ பில்லாகிப் போய்விட்டது. புத்தகம் 1,160. இப்போது திங்கள் தேதியிட்டு எண்ணிக்கை 1,210 என்று பதிந்தால், போன 80 திரும்பி வந்துவிடும். தரையில் 1,130 தான். வித்தியாசம் 30 என்று பதிந்தால் 1,160 போய் 1,130 ஆகும், சரி. பதிவு தாமதமாகும் இடத்தில் வித்தியாசமே பாதுகாப்பு.

இப்போது எதிர்ப்பக்கம். செவ்வாய்க்கிழமை டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய சலான் கிடைக்கிறது: சனிக்கிழமை மதியம் 20 எல்போ போயிருக்கிறது, பில் ஏறவில்லை. அதைச் சனி தேதியில் ஏற்றினால், வித்தியாசமாக 30-ஐக் கழித்த புத்தகத்தில் இன்னொரு 20 குறையும். தரையைவிடப் புத்தகம் 20 குறைவாக நிற்கும். ஏனென்றால் உண்மையான குறைவு 30 இல்லை, 10 தான். மற்ற 20 ஏறாத பில். எண்ணிக்கையை ஞாயிறு தேதியில் பதிந்திருந்தால் இது தானாகவே சரியாகியிருக்கும். சனி இருப்பு 1,220 ஆகும், ஞாயிறு எப்படியும் 1,210. பழைய காகிதம் தாமதமாகும் இடத்தில் எண்ணிக்கையே பாதுகாப்பு.

ஆக, எண்ணிக்கையைப் பதிவதானால் எண்ணிய நேரத்திலேயே பதிய வேண்டும், பதிகிற நேரத்தில் இல்லை. இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளின் Stock Reconciliation-இல் தேதியோடு மணியும் போடலாம். டேலி வவுச்சர் தேதியைத்தான் பார்க்கிறது. எனவே பில் ஓடுகிற நாளின் நடுவில் எண்ணியதை அதே தேதியில் எண்ணிக்கையாகப் பதிவதை நான் தவிர்த்துவிடுவேன். வியாபாரமே இல்லாத ஞாயிறு என்றால் Physical Stock, வேலை நாள் என்றால் Stock Journal. எங்கள் கடையில் இதுதான் நடைமுறை.

பதிவதற்கு முன் வித்தியாசங்களை ஒரு நாள் மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டும். எண் தானே பேசும். வித்தியாசம் சரியாக ஒரு பில்லின் அளவாக இருந்தால், அது பெரும்பாலும் திருட்டு இல்லை, கட்-ஆஃப் தவறு. பெட்டிக்குப் பத்து, இருபத்தைந்து என்று வருகிற ஐட்டத்தில் வித்தியாசம் அதன் மடங்காக இருந்தால், யாரோ பெட்டியைத் தவறவிட்டிருக்கிறார்கள், அல்லது இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள். எல்போவில் 24 குறைந்து, பக்கத்து ரேக்கில் அதே அளவு ரெட்யூசர் எல்போவில் 24 கூடினால், மாற்றிக் கொடுத்திருக்கிறோம். இது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும், இரண்டும் கையில் எடுத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாறிப்போனதை ஒன்றில் நஷ்டம், இன்னொன்றில் கூடுதல் என்று தனித்தனியாகப் பதிவதில் வரிச் சிக்கலும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவுப்படி, தொலைந்த, திருடு போன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளிய சரக்குக்கு உள்ளீட்டு வரிக் கடன் கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். 24 எல்போவைத் தள்ளிவிட்டேன் என்று எழுதினால் அதற்கான வரியை நாமே ஒப்புக்கொண்டது போல. ஒரே Stock Journal-இல் ஒரு ஐட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி, காரணத்தையும் எழுதினால் நடந்தது நடந்தபடி பதிவாகும். உண்மையான இழப்புக்கு மட்டும் தள்ளுபடிப் பதிவு, அதற்கான வரித் திருப்பம்.

சரி, இப்போது கஷ்டமான இடம். குறைவைப் பதிந்தால் இருப்பு, ஆர்டருக்கு ஒதுக்கியதைவிடக் கீழே போனால் என்ன செய்வது? முக்கால் அங்குல பித்தளை பால் வால்வு ஒரு முறை இப்படி ஆனது. புத்தகத்தில் 60, மூன்று பேருக்கு ஒதுக்கியது 55, எண்ணினால் 48. பன்னிரண்டைக் கழித்தால் ஏழு வால்வுக்கு வாக்கு இருக்கிறது, பொருள் இல்லை. குடோன் தம்பி வந்து, "அண்ணே, கடைசி ஆர்டர்ல ஏழு குறைச்சிடவா?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் அதைத்தான் செய்யக் கூடாது. சில மென்பொருளும் இதையே செய்கிறது: குறைவைப் பதிந்ததும் ஏதோ ஒரு ஆர்டரின் ஒதுக்கீட்டை விடுவித்துவிடும், யாருடையது என்று நாம் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டாக் பதிவு கையிருப்பை மட்டும் மாற்ற வேண்டும். ஏழு குறைகிறது என்பது பற்றாக்குறைப் பட்டியலில் ஏழாகவே நிற்கட்டும். யாருக்குத் தாமதிப்பது என்பதை வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் முடிவு செய்ய வேண்டும். அன்று கம்பெனியிடமிருந்து வியாழக்கிழமை சரக்கு வருவதாக இருந்தது. மூவரில் ஒருவரின் சைட்டில் இன்னும் பூச்சு வேலையே முடியவில்லை, அவரிடம் கேட்டதும் "அடுத்த வாரம் போதும்ணே" என்றார். மூன்று ஆர்டரில் ஒன்றையும் மாற்றவில்லை. குறைவைப் பதியாமல் தள்ளிப்போடுவதும் தீர்வு இல்லை. புத்தகத்தில் 60 நின்றிருந்தால் மறுநாள் காலையில் இன்னொருவருக்கு ஐந்தை ஒத்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வழி, வருடத்துக்கு ஒரு நாள் என்று இல்லாமல் தினமும் கொஞ்சம் எண்ணுவது. காலை எட்டரைக்கு வந்து, ஒன்பதரைக்கு பில் தொடங்குவதற்குள் 15 ஐட்டம். மாதம் 25 வேலை நாள் என்றால் 375. 1,400 ஐட்டமும் நாலு மாதத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும். நிற்கிற ஆர்டர்களைப் பொறுத்தவரை மூன்றிலும் இலகுவானது இதுதான். நாற்பது ஆர்டரின் காகிதத்தையும் ஒரே நாளில் அலச வேண்டியதில்லை. அந்த 15 ஐட்டத்தைத் தொடுகிற இரண்டு மூன்று ஆர்டரைப் பார்த்தால் போதும். பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறதா, சலானில் போயிருக்கிறதா, ஷெட்டில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வித்தியாசம் வந்தால் அதை உண்டாக்கியவருக்கு விஷயம் நினைவில் இருக்கும். மார்ச் 31-இல் தெரிகிற ஜூலை மாதத் தவறுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இதில் எனக்கு மிகவும் பிடித்த முறை, ஒரு ஐட்டம் தீரும் நிலைக்கு வந்து மறு ஆர்டர் போடப் போகிற நேரத்தில் அதை எண்ணுவது. 1,240 எல்போவை எண்ணுவதற்குப் பதில் 40-ஐ எண்ணலாம், தப்பு வர வாய்ப்பும் குறைவு. அதோடு, எவ்வளவு ஆர்டர் போட வேண்டும் என்பதும் சரியான எண்ணிலிருந்து வரும். புத்தகத்தில் பூஜ்யமோ மைனஸோ காட்டுகிற ஐட்டங்களை அன்றன்றே பார்த்துவிட வேண்டும். ரேக்கில் பத்து நிமிடம் தேடினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. தினமும் எண்ணுவதால் ஒரே நாளின் முழுப் படம் கிடைக்காது. வருடக் கடைசி இருப்பு மதிப்பு ஆடிட்டருக்கு வேண்டும். கேஷ் கிரெடிட் வைத்திருந்தால் வங்கி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கும், ஆய்வுக்கும் வருவார்கள். அப்போது புத்தக இருப்பு நம்பத்தக்கது என்று காட்டத் தினசரிச் சீட்டுகளைத் தேதியோடு கோர்த்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, காலை எட்டரைக்கு ஒருவர் தவறாமல் வர வேண்டும். இரண்டு மாதம் நடந்து தீபாவளிக் கூட்டத்தில் நின்றுபோன கடைகளைப் பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டால் எந்த ஐட்டம் எண்ணியது, எது எண்ணாதது என்று குழம்பி, முன்பிருந்ததைவிட மோசமாகும்.

அதனால் இப்போது நாங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்கிறோம். வேகமாக ஓடுகிற முந்நூறு ஐட்டம், விலை அதிகமான பித்தளைச் சாமான்கள், இரண்டும் தினசரிப் பட்டியலில். அவை மாதம் ஒரு முறையாவது எண்ணப்படும், வித்தியாசம் அன்றே Stock Journal-இல் போகும். மெதுவாக ஓடுகிற மற்றவை மறு ஆர்டர் நேரத்தில். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு முழு எண்ணிக்கை, சுண்ணாம்புக் கோடு, மஞ்சள் சீட்டு, ஆறு மணிப் பிரதி. போன வருட முழு எண்ணிக்கையில் தினசரிப் பட்டியலில் இருந்த ஐட்டங்களில் வித்தியாசம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்; மெதுவாக ஓடுகிற பெரிய அளவு ஃபிளேஞ்சுகளில்தான் ஒரு பக்கம் நிறைய வந்தது. இந்த வருடம் அவற்றையும் மாதத்துக்கு ஒரு ரேக்காக எடுத்துக்கொண்டிருக்கிறோம். போன வருட முழு எண்ணிக்கையின்போது ஆர்டர் புத்தகத்தில் நின்ற முப்பத்தெட்டு ஆர்டரும் திங்கள் காலை அதே தேதி, அதே விலை, அதே வரிசையில் நின்றன.